நடிகர் நிற்கிறார், மலை நகர்கிறது: டாலி ஜூம் ஷாட்டின் கணக்கும் பயனும்

ஒகேனக்கல் பாறைகளிலும் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவிலும் எடுக்கப்படும் கல்யாணத்துக்கு முந்தைய வீடியோக்களில் ஒரு ஷாட்டை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. மணமகன் அசையாமல் நின்றுகொண்டிருக்க, அவருக்குப் பின்னால் இருக்கும் பாறையும் மரமும் மட்டும் பெரிதாகி அவரை நோக்கி வருவது போலத் தோன்றும். பார்க்கிறவர்களில் பலர் இதைக் கம்ப்யூட்டரில் பின்னணியை ஒட்டிச் செய்த வேலை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இது கேமரா நிற்கும் இடத்தையும் லென்ஸின் அளவையும் ஒரே நேரத்தில் மாற்றி எடுக்கப்படும் ஷாட். 1958-லேயே ஹாலிவுட்டில் ஒட்டு வேலை எதுவும் இல்லாமல் எடுத்துவிட்டார்கள். டாலி ஜூம் என்று அழைக்கப்படும் இந்த ஷாட் பார்வையாளரிடம் என்ன செய்கிறது, எந்த வகைக் காட்சியில் அதற்கு வேலை இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

1. டாலி என்பது கேமராவை ஏற்றித் தள்ளும் சக்கர வண்டி. நம் ஊர் யூனிட்டுகளில் இதற்கு டிராலி என்றே பெயர். டிராலி நகரும்போது கேமரா உண்மையிலேயே இடம் மாறுகிறது.

2. ஜூம் என்பது கேமரா நின்ற இடத்திலேயே நிற்க, லென்ஸின் குவியத் தொலைவை மட்டும் மாற்றுவது. குவியத் தொலைவு 25 மி.மீ. என்றால் அகலமான காட்சி கிடைக்கும், 100 மி.மீ. என்றால் அதே காட்சியின் நடுப்பகுதி மட்டும் நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஜூம் செய்தால் அருகில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒரே அளவில் பெரிதாகும். டிராலியை முன்னே தள்ளினால் அப்படி ஆகாது: அருகில் நிற்கும் ஆள் வேகமாகப் பெரிதாவார், தூரத்து மலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். "டெலி லென்ஸ் போட்டால் பின்னணி கிட்டே வந்துவிடும்" என்று வீடியோ எடுப்பவர்களே சொல்வதுண்டு. டெலி லென்ஸ் என்பது 100 மி.மீ. போலக் குவியத் தொலைவு கூடிய லென்ஸ். ஆனால் லென்ஸ் மட்டும் அதைச் செய்வதில்லை. ஆளுக்கும் மலைக்கும் இடையே உள்ள அளவு விகிதத்தை முடிவு செய்வது கேமரா நிற்கும் இடம் மட்டுமே. டெலி லென்ஸ் போட்டவர் ஆளை ஃபிரேமில் அடக்குவதற்காகப் பின்னால் போய் நிற்கிறார். அவர் பின்னால் போனதுதான் மலையைக் கிட்டே கொண்டுவந்தது.

டாலி ஜூமில் டிராலி செய்யும் மாற்றத்தை, ஆளின் அளவைப் பொறுத்தவரை, ஜூம் அப்படியே ஈடுகட்டுகிறது. ஆளின் அளவு மாறுவதில்லை. ஆனால் ஆளுக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றுக்கு அந்த ஈடு பொருந்தாது. எனவே அவை அளவு மாறுகின்றன.

கண் ஏன் தடுமாறுகிறது

நடந்து போகிற மனிதருக்குக் கண்ணில் விழும் காட்சி ஒரு ஒழுங்கில் மாறுகிறது. ஒரு பொருளை நெருங்கினால் அது பெரிதாகும். அதோடு சேர்ந்து அதன் பின்னணி மறைந்தும் விலகியும் போகும். இவ்விரண்டும் பிரியாமல் ஒன்றாகவே நடப்பதைப் பிறந்தது முதல் பார்த்து வருகிறோம். நம் கண்ணில் ஜூம் இல்லை. ஆகவே, எதிரே நிற்பவர் அதே அளவில் இருக்க, அவருக்குப் பின்னால் உள்ள ஆழம் மட்டும் நீளுவதையோ சுருங்குவதையோ யாரும் நேரில் கண்டதில்லை.

டாலி ஜூம் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. ஆளின் அளவு மாறாததால் "நாம் நகரவில்லை" என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பின்னணியின் விகிதம் மாறுவதால் "நகர்கிறோம்" என்றும் அதே நேரத்தில் செய்தி வருகிறது. நாற்காலியில் சாய்ந்திருக்கும் உடலோ எந்த அசைவையும் உணரவில்லை. இந்த முரண்பாட்டிலிருந்து மீள மூளைக்குக் கிடைக்கும் எளிய வழி, நகர்வது உலகம்தான் என்று முடிவு செய்வது. தரை காலுக்குக் கீழே நழுவுவது போன்ற, வயிற்றைப் பிசைகிற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. ஷாட் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்தவருக்கும் அது வரும், தெரிந்திருப்பதால் குறைவதில்லை.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. ஷாட்டின் பலம் நடிகரிடம் இல்லை, அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. அதை ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

ஒரு மாந்தோப்பில் கணக்கு

கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் வரிசையாக மரங்கள், நடுவில் நேரான வண்டிப்பாதை, பாதையின் கோடியில் ஒரு இரும்புக் கதவு, அதற்கும் அப்பால் வெகு தூரத்தில் மொட்டைப் பாறை மலை. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் பாதையில் நிற்கிறார். பெங்களூரா மாங்காய்க்கு மாங்கூழ் ஆலை இந்த ஆண்டு தரப்போகும் விலையை யாரோ போனில் சொல்கிறார்கள். முகம் மாற வேண்டிய நேரம் இது.

கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலம் கொண்டது. தொடக்கத்தில் கேமரா அவரிடமிருந்து 1.5 மீட்டரில், 25 மி.மீ. லென்ஸில் இருக்கிறது. முடிவில் 6 மீட்டரில், 100 மி.மீ.-இல் இருக்கிறது. அவர் நிற்கும் இடத்தில் ஃபிரேமின் அகலத்தைக் கண்டுபிடிக்க, சென்சார் அகலத்தைத் தூரத்தால் பெருக்கிக் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். தொடக்கத்தில் 36 × 1.5 ÷ 25, அதாவது 2.16 மீட்டர். முடிவில் 36 × 6 ÷ 100, அதுவும் 2.16 மீட்டர். எனவே குத்தகைக்காரர் தொடக்கம் முதல் முடிவு வரை இடுப்பளவு ஷாட்டில் ஒரே அளவில் நிற்கிறார். தூரம் நான்கு மடங்கானால் குவியத் தொலைவும் நான்கு மடங்காக வேண்டும் என்பது மட்டுமே விதி.

அதே கணக்கைப் பின்னால் இருப்பவற்றுக்குப் போட்டால் இப்படி வருகிறது:

1. அவருக்கு 30 செ.மீ. பின்னால் ஒரு சுவர் இருந்தால், சுவர் 1.14 மடங்குதான் பெரிதாகும். பார்வையாளர் கவனிக்கவே மாட்டார்.

2. 3 மீட்டர் பின்னால் உள்ள மரம் சரியாக 2 மடங்காகும்.

3. 30 மீட்டர் பின்னால் உள்ள கதவு 3.5 மடங்காகும்.

4. வெகு தூரத்து மலை 4 மடங்காகும். அதற்கு மேல் எதுவும் போக முடியாது. குவியத் தொலைவு எத்தனை மடங்கானதோ அதுவே உச்சம்.

அதாவது பின்னணி முழுவதும் ஒரே அளவில் பெரிதாவதில்லை. ஒவ்வொரு மரமும் அது நிற்கும் தூரத்துக்கு ஏற்ப வேறு வேகத்தில் வளர்கிறது. இருபுறமும் மரவரிசை இருப்பதால்தான் பாதையே ஒரு தொலைநோக்கிக் குழாயைப் போலச் சுருங்குவது தெரிகிறது. வெறும் வானத்தின் முன்னாலோ, ஒரே நிறச் சுவரின் முன்னாலோ இந்த ஷாட்டை எடுத்தவர்கள் "சரியாகத்தான் செய்தோம், எதுவும் தெரியவில்லையே" என்று குழம்புவதற்குக் காரணமும் இதுவே. வரிசை மரம், தூண் வைத்த தாழ்வாரம், மருத்துவமனை நடைபாதை, கடைத்தெரு ஆகியவை எல்லாம் நல்ல பின்னணிகள். ஏனென்றால் ஒரே மாதிரியான பொருட்கள் அடுத்தடுத்த தூரங்களில் நிற்கின்றன.

திசை மாறினால் பொருள் மாறும்

டாலி ஜூம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு எதிரெதிர் ஷாட்டுகள் இருக்கின்றன. பல விளக்கங்கள் இதைக் கடந்துபோய்விடுகின்றன.

முதல் வகையில் கேமரா முன்னே வருகிறது, ஜூம் வெளியே போகிறது. மேலே சொன்ன கணக்கைத் தலைகீழாக ஓட்டுவது இது. மலை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். கதவு எங்கோ போய்விடும். பாதை நீண்டுகொண்டே போகும். ஆள் தன் உலகத்திலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டது போல முன்னால் தள்ளப்படுவார். திடீர் அதிர்ச்சிக்கு உரியது இந்தத் திசை. 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தில் கடற்கரை நாற்காலியில் அமர்ந்திருக்கும் காவல்துறைத் தலைவர், தண்ணீரில் சுறா தாக்குவதைப் பார்க்கும் நொடியில் ஸ்பீல்பெர்க் இதைத்தான் வைத்தார். அவர் எழுந்து ஓடுவதற்கு முன் உள்ள அந்தச் சில கணங்களில் அவர் முகம் மட்டும் அப்படியே இருக்க, கடற்கரை பின்வாங்கிப் போகும். அவர் பயந்தது நடந்தேவிட்டது என்பதைச் சொல்ல அங்கே வசனம் தேவைப்படவில்லை.

இரண்டாவது வகையில் கேமரா பின்னே போகிறது, ஜூம் உள்ளே வருகிறது. பின்னணி வளர்ந்து ஆளின் முதுகை ஒட்டி நிற்கும். தப்பிக்க இடமில்லை என்பது இந்தத் திசையின் பொருள். ஸ்கார்செஸி இயக்கிய 'குட்ஃபெல்லாஸ்' (1990) படத்தில் இரண்டு கூட்டாளிகள் உணவகத்தின் ஜன்னலோர மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். எதிரே இருப்பவர் தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார் என்பது அவர்களில் ஒருவருக்குப் புரிந்துகொண்டிருக்கிறது. இருவரும் ஃபிரேமில் அசையாமல் இருக்க, ஜன்னலுக்கு வெளியே உள்ள தெரு மிக மெதுவாக உள்ளே நெருங்கி வருகிறது. முதல் தடவை பார்க்கும்போது பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஏதோ சரியில்லை என்ற எண்ணம் மட்டும் தங்கும். என் கணிப்பில் இந்த ஷாட்டின் மிகச் சிறந்த பயன்பாடு இதுதான், ஏனென்றால் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

நம் மாந்தோப்புக் காட்சிக்குத் திரும்பினால், எந்தத் திசை என்பது கதையைப் பொறுத்தது. விலை விழுந்த செய்தி மட்டுமே காட்சி என்றால் முதல் வகை போதும். ஆனால் முப்பது மீட்டருக்கு அப்பால் கதவருகே, கடன் கொடுத்தவர் வந்து நிற்கிறார் என்றால் இரண்டாவது வகை பொருந்தும். தொடக்கத்தில் அந்த மனிதர் ஃபிரேம் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் இருப்பார், யாரென்றே தெரியாது. ஷாட் முடியும்போது ஏறக்குறைய கால் பங்கு உயரத்தில், குத்தகைக்காரரின் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார். அவர் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்க மாட்டார்.

மூன்றாவதாக, பாத்திரத்தின் முகத்தைக் காட்டாமல் அவர் பார்க்கும் காட்சியையே இப்படி எடுப்பதும் உண்டு. இந்த ஷாட்டுக்கு 'வெர்டிகோ' எஃபெக்ட் என்ற மறுபெயர் வரக் காரணமான ஹிட்ச்காக்கின் 1958-ஆம் ஆண்டுப் படத்தில், உயரத்தைக் கண்டு அஞ்சும் துப்பறிவாளர் மணிக்கூண்டின் படிக்கட்டிலிருந்து கீழே பார்க்கிறார். படிக்கட்டின் அடித்தளம் அவர் கண்முன்னே ஆழத்தில் நீள்கிறது. இரண்டாம் யூனிட் ஒளிப்பதிவாளரான இர்மின் ராபர்ட்ஸ் அதை வடிவமைத்தார். உண்மையான படிக்கட்டில் மேலேயிருந்து கேமராவைத் தொங்கவிட்டு எதிர் எடை கட்டி எடுத்தால் 50,000 டாலர் ஆகும் என்று கணக்கு வந்ததாகவும், காட்சியில் ஆளே இல்லாததால் படிக்கட்டைச் சிறிய மாதிரியாகச் செய்து பக்கவாட்டில் படுக்க வைத்து 19,000 டாலரில் முடித்ததாகவும் ஹிட்ச்காக் பின்னர் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் கூறியிருக்கிறார். படுத்துக் கிடக்கும் படிக்கட்டுக்கு டிராலியைத் தரையிலேயே தள்ளலாம் என்பதுதான் அதில் உள்ள தந்திரம்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பாத்திரம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, ஆனால் அவர் அறிந்தது மாறிவிட்டது. இப்படி அல்லாத காட்சியில், அதாவது ஆள் நடந்துகொண்டிருக்கும்போதோ, சண்டையிலோ, வெறும் அழகுக்காகவோ வைத்தால் பார்வையாளருக்குத் தலைசுற்றல் மட்டும் மிஞ்சும், காரணம் தெரியாது. கல்யாண வீடியோவில் சிரித்தபடி நிற்கும் மணமக்களுக்குப் பின்னால் பாறை நெருங்கி வருவது, உண்மையில் ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று சொல்லும் மொழி. எடுப்பவர் அதை எண்ணிச் செய்வதில்லை.

ஒரே வேகம், இரு வேறு உணர்வு

டிராலியை ஒரே சீரான வேகத்தில் தள்ளினாலும் பார்வையாளருக்குத் தெரியும் மாற்றம் சீராக இருக்காது. 4.5 மீட்டரை 6 விநாடியில் கடப்பதாகக் கொள்வோம். பின்னே போகும்போது முதல் விநாடியில் மலை ஒரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்காகிறது. அது 50 விழுக்காடு வளர்ச்சி. கடைசி விநாடியில் மூன்றரையிலிருந்து நான்காகிறது. அது 14 விழுக்காடுதான். ஆகவே பின்னே போகும் ஷாட் தொடக்கத்தில் பாய்ந்து, முடிவில் சோர்ந்துவிடும். மெல்ல இறுகும் அச்சம் வேண்டும் என்றால் டிராலியை மிக மெதுவாகக் கிளப்பிப் பிறகு வேகம் கூட்ட வேண்டும்.

முன்னே வரும் ஷாட் இதற்கு நேர்மாறு. தொடக்கத்தில் மெதுவாகத் தெரிந்து, கேமரா முகத்தை நெருங்கும் கடைசி விநாடியில் பின்னணி சட்டென்று விலகும். அதிர்ச்சிக்கு இந்தத் திசை தானாகவே பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு, மிக அருகில் வந்தால் முகமே மாறத் தொடங்கும். அரை மீட்டரில் மூக்கு முன்னே தள்ளிக் காதுகள் பின்னே ஒடுங்கும். 6 மீட்டரில் அதே முகம் தட்டையாகத் தெரியும். சிலர் இதை வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள். வேண்டாம் என்பவர்கள் 1.5 மீட்டருக்கு உள்ளே வருவதில்லை.

எங்கே பிசகுகிறது

முதல் பிசகு, தலை வீங்கிச் சுருங்குவது. ஜூமும் டிராலியும் ஒன்றுக்கொன்று முந்தினாலோ பிந்தினாலோ ஆளின் அளவு ஊசலாடும். அந்த நொடியில் பார்வையாளர் உலகத்தை விட்டுவிட்டு கேமராவைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார். மானிட்டரில் நடிகரின் இரு காதுகளுக்கு நேராக இரண்டு துண்டு டேப் ஒட்டி ஒத்திகை பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். தீர்வும் டேப்தான். தரையில் 75 செ.மீ.-க்கு ஒரு குறி வைத்து, ஜூம் வளையத்தில் அதற்கு இணையாக 25, 37.5, 50, 62.5, 75, 87.5, 100 என்று குறிகள் இட வேண்டும். வளையத்தில் இந்தக் குறிகள் சம இடைவெளியில் வராது. எனவே வளையத்தை ஒரே வேகத்தில் திருப்பினால் போதும் என்று நம்பியவர்கள் நடுவில் தவறவிடுவார்கள். ஒருவர் டிராலியைத் தள்ள, ஒருவர் ஜூம் செய்ய, மூன்றாமவர் ஃபோகஸ் பார்க்க வேண்டும். தூரம் மாறிக்கொண்டே இருப்பதால் ஃபோகஸைத் தனியே கவனிக்காமல் விட முடியாது.

இரண்டாவது பிசகு நடிகருடையது. 1.5 மீட்டரில் அவர் 15 செ.மீ. முன்னே சாய்ந்தால் அவர் அளவு 11 விழுக்காடு கூடிவிடும்; 6 மீட்டரில் அதே சாய்வு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே கேமரா அருகில் இருக்கும் பகுதியில் நடிகர் மூச்சைப் பிடித்தது போல நிற்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்தோ, கம்பத்தில் சாய வைத்தோ எடுப்பது இதனால்தான்.

மூன்றாவது பிசகு ஒளி தொடர்பானது. சாதாரண ஜூம் லென்ஸ்களில் குவியத் தொலைவு கூடக் கூட, ஒளி நுழையும் திறப்பான அப்பர்ச்சர் தானாகவே 3.5-இலிருந்து 5.6-க்குச் சுருங்கும், ஷாட் நடுவே படம் மங்கும். தொடக்கத்திலேயே 5.6-க்கோ 8-க்கோ வைத்துவிட்டால் மாறாது. 8-இல் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: பின்னணி கலங்காமல் தெளிவாக இருக்கும். கலங்கிய பின்னணி வளர்வதைக் கண்ணால் படிக்க முடியாது.

செல்போனில் எடுப்பவர்களுக்கு

கேமரா நிற்கும் இடம்தான் விகிதத்தை முடிவு செய்கிறது என்பதால், ஜூம் லென்ஸ் இல்லாமலும் இந்த ஷாட்டை எடுக்கலாம். படத்தை எடிட்டிங்கில் பெரிதாக்குவதும் ஜூம்தான். போனில் ஒரே லென்ஸைப் பூட்டி வைத்து, 4K-இல் பதிவு செய்து, 1.5 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை கிம்பலில் சீராகப் பின்னே நடக்க வேண்டும். எடிட்டிங்கில், முழுப் படமும் ஃபிரேமில் அடங்கும் அளவையே 100 விழுக்காடாகக் கொண்டு, தொடக்கக் கீஃபிரேமில் அளவை 100 விழுக்காடாகவும், முடிவில் 200 விழுக்காடாகவும் வைத்து, இடையில் நேர்கோட்டில் மாறவிட வேண்டும். இறுதி வீடியோ 1920 × 1080 ஆக இருந்தால் தெளிவு குறையாது, ஏனென்றால் 4K-யின் அகலமும் உயரமும் அதைப்போல் இரு மடங்கு.

இதன் எல்லையும் அந்த இரு மடங்குதான். வெகு தூரத்து மலை 2 மடங்காகும். 3 மீட்டர் பின்னால் உள்ள மரம் ஒன்றரை மடங்குதான் ஆகும். அதற்கு மேல் ஆசைப்பட்டு, ஷாட்டின் நடுவே போனின் அடுத்த லென்ஸுக்குத் தாவவிட்டால், லென்ஸ் மாறும் அந்த ஒரு ஃபிரேமில் முகமும் நிறமும் சற்றே குதிக்கும். அதைப் பிறகு எடிட்டிங்கில் சரி செய்ய முயல்வதைவிட, மலையை விட்டுவிட்டு, இன்னும் அடர்ந்த மரவரிசை உள்ள பாதையாகப் பார்த்து எடுப்பது நல்லது.